வர்ணம்: இரண்டு பாதிகள், இரண்டு காலங்கள்

வர்ணம் என்பது ஒரு ராகத்தின் முக்கியமான சஞ்சாரங்களை எல்லாம் தாளக் கணக்கு பிசகாமல் அடுக்கி, ஸ்வரமும் கொஞ்சம் சாகித்தியமுமாகக் கட்டிய உருப்படி. கச்சேரி மேடையில் அது முதலில் பாடப்பட்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். இசை வகுப்பில் கதை வேறு. ஒரே வர்ணத்தோடு மாணவர் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். பல ஆண்டுகள் மேடையேறிய வித்வான்களும் காலைச் சாதகத்துக்கு வர்ணத்தைத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரே உருப்படி கற்பவருக்கும் கற்றவருக்கும் பயன்படுவதற்குக் காரணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

வர்ணம் இரண்டு பாதிகளாக அமைந்திருக்கும். முதல் பாதிக்குப் பூர்வாங்கம் என்று பெயர். அதில் பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் ஆகிய மூன்றும் வரும். இரண்டாம் பாதியான உத்தராங்கத்தில் சரணமும் அதைத் தொடரும் சரண ஸ்வரங்களும் வரும். சரண ஸ்வரங்களை எத்துக்கடை ஸ்வரம் என்றும் சொல்வதுண்டு. பூர்வாங்கம், உத்தராங்கம் என்ற பிரிவு வெறும் பாடவசதிக்காக ஏற்பட்டதல்ல. இரண்டு பாதிகளும் பாடகரிடம் வெவ்வேறு திறமைகளைக் கேட்கின்றன.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்பது எளிது. ராமநாதபுரம் ‘பூச்சி’ சீனிவாச ஐயங்கார் (1860–1919) மோகன ராகத்தில், ஆதி தாளத்தில் இயற்றிய ‘நின்னுகோரி’ வர்ணம் தமிழ்நாட்டு இசை வகுப்புகளில் மிகப் பலருக்கு முதல் வர்ணம். மோகனத்தில் ஸ, ரி, க, ப, த என்ற ஐந்து ஸ்வரங்கள்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் அதே வரிசை. மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. ஆகவே எந்த ஸ்வரத்துக்குப் பின் எது வரும் என்ற குழப்பம் குறைவு. தாளத்திலும் காலத்திலும் முழுக் கவனம் செலுத்தலாம்.

ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் சேர்ந்த லகு நான்கு. தட்டு, வீச்சு என அமைந்த திருதம் இரண்டு. ஆதி தாள வர்ணத்தை முதல் காலத்தில் பாடும்போது ஓர் எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வர அளவு வரும், ஆவர்த்தனத்துக்கு 32. வகுப்பில் பெரும்பாலும் இரட்டைக் களையில், அதாவது ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு முறை தட்டிக் கற்றுக்கொடுப்பார்கள். அப்போது ஒரு தட்டுக்கு இரண்டு ஸ்வரம். 32 என்றால் 32 எழுத்துகளைச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்தினால் அந்தக் கார்வையும் கணக்கில் சேரும். ‘ப’ என்ற ஒரே ஸ்வரம் நான்கு அளவு நின்றால் ஓர் எண்ணிக்கை முழுவதும் அதற்கே போய்விடும்.

வழக்கமான ஆதி தாள வர்ணத்தில் பல்லவி இரண்டு ஆவர்த்தனம், அனுபல்லவி இரண்டு, முக்தாயி ஸ்வரம் இரண்டு. பல்லவி ராகத்தை அறிமுகம் செய்யும். முதல் இரண்டு மூன்று ஸ்வரக் கோவைகளுக்குள் இன்ன ராகம் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பதில் வர்ணம் இயற்றியவர்கள் கவனமாக இருந்திருக்கிறார்கள். அனுபல்லவி பெரும்பாலும் மேலே ஏறி, தார ஸ்தாயி ஷட்ஜத்தைத் தொட்டு, அதற்கு அப்பாலும் போய்வரும். முக்தாயி ஸ்வரத்தில் தான வர்ணங்களில் சாகித்தியம் இல்லை, ஸ்வரம் மட்டுமே. அது முடிகிற இடம் பல்லவிக்குத் திரும்பத் தோதாக இருக்கும்.

சாகித்தியத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பல்லவியின் இரண்டு ஆவர்த்தனங்களில் 64 ஸ்வர அளவுகள் இருந்தாலும், அவற்றுக்கு வாய்க்கும் சொற்கள் மிகக் குறைவு. ஒரே எழுத்தின் உயிர் நீண்டு ஆறு, ஏழு ஸ்வரங்களைத் தாங்கிப் போகும். சொற்கள் பெரும்பாலும் தெலுங்கு. பொருள் தெய்வத்தையோ புரவலரையோ நோக்கிய காதல் அல்லது வேண்டுதல். இந்தச் சொற்களுக்காக யாரும் வர்ணத்தைத் தேடிப் போவதில்லை என்று சொன்னால் பூச்சி ஐயங்கார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே தோன்றுகிறது. அகாரம், இகாரம், உகாரம் என்று குரல் திறந்து ஓட இடம் தருவதே இங்கே சாகித்தியத்தின் முதல் வேலை.

பூர்வாங்கத்தின் உண்மையான சோதனை இரண்டாம் காலத்தில் இருக்கிறது. முதல் காலத்தில் பாடி முடித்ததும், தாளத்தின் வேகம் மாறாமல், ஸ்வரங்கள் இரட்டிக்கும். எண்ணிக்கைக்கு நான்காக இருந்தது எட்டாகும். பல்லவியின் 64 அளவுகள் இரண்டு ஆவர்த்தனத்துக்குப் பதிலாக ஒன்றில் முடியும். பல்லவி, அனுபல்லவி, முக்தாயி ஸ்வரம் மூன்றும் சேர்ந்து 192 அளவு. முதல் காலத்தில் ஆறு ஆவர்த்தனம் பிடித்தது, இரண்டாம் காலத்தில் மூன்று. கை மட்டும் பழைய நடையிலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும். பாடும் வேகம் ஒன்று, தாளம் போடும் வேகம் ஒன்று என இரண்டையும் ஒரே உடம்பில் பிரித்து வைத்துக்கொள்வதுதான் இதில் கற்கும் பாடம். சரளி வரிசையிலும் அலங்காரத்திலும் மாணவர் இதைச் செய்திருப்பார். ஆனால் அங்கே ஸ்வரங்கள் ஒழுங்கான அடுக்காக வந்தன. இங்கே கார்வைகளும் கமகங்களும் திடீர்த் தாவல்களும் கலந்து வருகின்றன.

கணக்கில் ருசி உள்ளவர்கள் இதே பூர்வாங்கத்தைத் திஸ்ர நடையிலும் பாடிப் பார்ப்பார்கள். எண்ணிக்கைக்கு ஆறு ஸ்வரம் என்று வைத்தால் ஆவர்த்தனத்துக்கு 48. பல்லவியின் 64 அளவுகள் பத்து எண்ணிக்கை முழுதாகப் போய், பதினோராவதில் மூன்றில் இரண்டு பங்கில் முடியும். அனுபல்லவி தட்டிலும் விழாமல் வீச்சிலும் விழாமல் ஓர் அந்தரமான இடத்தில் தொடங்க வேண்டியிருக்கும். மூன்று பகுதிகளையும் நிறுத்தாமல் பாடி முடித்தால் 192 அளவும் சரியாக நான்கு ஆவர்த்தனத்தில் சமத்துக்கு வந்து சேரும். நடுவில் ஓர் இடத்தில் கார்வை அரை அளவு குறைந்தாலும் கடைசியில் சமம் காட்டிக் கொடுத்துவிடும்.

உத்தராங்கத்தின் இயல்பு வேறு. சரணம் ஒரு சிறிய வரி. ஆதி தாள வர்ணங்களில் பெரும்பாலும் ஓர் ஆவர்த்தனம். அந்த வரியைப் பாடிவிட்டு முதல் சரண ஸ்வரத்தைப் பாட வேண்டும். மறுபடி சரண வரி. பிறகு இரண்டாவது சரண ஸ்வரம். மறுபடி சரண வரி. இப்படி மூன்று, நான்கு அல்லது அதற்கும் மேற்பட்ட ஸ்வரப் பகுதிகள் வரும். முன்னால் வருபவை சிறியவை. பல வர்ணங்களில் முதல் ஸ்வரம் நீண்ட கார்வைகளோடு, ராகத்தின் நிலையான ஸ்வரங்களில் நின்று நின்று நகரும். போகப் போக அடர்த்தி கூடும், நீளமும் கூடும். கடைசி ஸ்வரம் இரண்டு, சில வர்ணங்களில் நான்கு ஆவர்த்தனம்கூட ஓடி, மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் போய்த் திரும்பும்.

ஒவ்வொரு சரண ஸ்வரமும் முடியும் விதத்தில்தான் நுட்பம் இருக்கிறது. மாதிரிக்கு, மோகனத்தில் ஒரு சரண வரி பஞ்சமத்தில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளலாம். ஸ்வரப் பகுதியின் கடைசிக் கோவை ‘ஸ ரி க’ என்று ஏறி நின்றால், அடுத்து வரும் பஞ்சமம் அந்த ஏற்றத்தின் அடுத்த படியாகவே காதில் விழும். ‘ஸ த’ என்று மேலிருந்து இறங்கினாலும் பஞ்சமத்தில் வந்து சேர்வது இயல்பாக இருக்கும். ‘க ரி ஸ’ என்று கீழே போய் முடிந்திருந்தால் சரணத்துக்குத் தாவித்தான் போக வேண்டும், ஒட்டு தெரியும். நல்ல வர்ணங்களில் ஒவ்வொரு ஸ்வரமும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே வரியில் பொருந்தும்.

இதை இரண்டு மூன்று ஆண்டு கழித்து மாணவர் வேறொரு பெயரில் சந்திப்பார். கிருதியின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சேரும்படி சொந்தமாக ஸ்வரம் பாடுவதே கல்பனை ஸ்வரம். முதலில் ஓர் ஆவர்த்தனத்துக்குள், நிதானமாக. பிறகு நீளமாக, அடர்த்தியாக. சரண ஸ்வரங்களும் அதே படியில்தான் ஏறுகின்றன. வேறுபாடு ஒன்றே ஒன்று: வர்ணத்தில் எல்லாவற்றையும் இயற்றியவரே செய்து கொடுத்துவிட்டார். பத்து வர்ணங்களை ஒழுங்காகப் பாடம் செய்தவரிடம், எடுப்புக்குப் பொருத்தமாக முடியும் நாற்பது ஐம்பது ஸ்வரக் கோவைகள் கேட்காமலேயே சேர்ந்திருக்கும். கல்பனை ஸ்வரத்தின் தொடக்கப் பாடத்தில் திணறுபவர்களில் பலர் வர்ணத்தின் உத்தராங்கத்தை அவசரமாகத் தாண்டி வந்தவர்களாக இருப்பது தற்செயல் அல்ல.

வர்ணம் ஏன் இத்தனை சீக்கிரம் கற்பிக்கப்படுகிறது என்பதற்கு விடை பாட வரிசையிலேயே கிடைக்கும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், பிறகு கீதம், ஸ்வரஜதி. அடுத்தது வர்ணம். அதற்குப் பிறகுதான் கிருதி. கீதத்தில் ஒரு ஸ்வரத்துக்கு ஓர் எழுத்து என்ற அளவில் எளிய நடை. ராகம் கோடு போட்டுக் காட்டிய அளவில் இருக்கும். கிருதியில் சாகித்திய பாவமும் சங்கதிகளும் முன்னுக்கு வந்துவிடும். ராகத்தின் எந்தப் பிடி எந்த ஸ்வரங்களால் ஆனது என்று மாணவர் பிரித்துப் பார்ப்பது கடினம். இடையில் நிற்கும் வர்ணத்தில் பல்லவி முதல் சரணம் வரை ஸ்வரமாகவும் சாகித்தியமாகவும் ஒரே மெட்டு இரு தடவை கிடைக்கிறது. முதலில் ஸ்வரமாகப் பாடிப் பழகியதால், பிறகு அகாரத்தில் ஒரு வளைவு வரும்போது அது ‘த ப க ரி’ என்று மனத்தில் தானாக விழுகிறது. கேட்ட மாத்திரத்தில் ஸ்வரம் சொல்லும் திறமைக்கு அடிப்படை இங்கேதான் போடப்படுகிறது.

ஆரோகண அவரோகணத்தில் அடங்காத ராகங்களுக்கு இது இன்னும் தேவைப்படுகிறது. பைரவியை எடுத்துக்கொள்ளலாம். அதில் சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று இரண்டு தைவதங்கள். மேலே நிஷாதத்தை நோக்கி ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று. இதை விதியாகச் சொல்லிக்கொடுத்தால் மாணவர் ஒவ்வொரு முறையும் யோசித்து யோசித்துத் தடுமாறுவார். பச்சிமிரியம் ஆதியப்பய்யர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய ‘விரிபோணி’ என்ற அட தாள வர்ணத்தைப் பாடம் செய்தவருக்கு யோசிக்க வேண்டியதே இல்லை. எந்த இடத்தில் எந்தத் தைவதம் என்று தொண்டைக்கே தெரிந்திருக்கும். தான வர்ணத்துக்கு வழிகாட்டியாக இன்றும் மதிக்கப்படும் ஆதியப்பய்யர் சியாமா சாஸ்திரியின் குரு. பைரவி ராகத்துக்கு இலக்கணம் கேட்டால் பல வித்வான்கள் புத்தகத்தைத் தேடாமல் இந்த வர்ணத்தைத்தான் பாடிக் காட்டுவார்கள்.

அட தாளம் என்றதும் ஆதி தாளத்தில் தேறியவர்களும் சற்றுத் தயங்குவார்கள். ஐந்து எண்ணிக்கை கொண்ட இரண்டு லகுக்கள், பிறகு இரண்டு திருதங்கள். மொத்தம் 14 எண்ணிக்கை. எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஓர் ஆவர்த்தனத்துக்கு 56. நீளத்தைவிடப் பெரிய தொல்லை இரண்டு லகுக்களும் அச்சாக ஒன்றுபோல் இருப்பதுதான். நடுவில் கவனம் சிதறினால் இப்போது போவது முதல் லகுவா இரண்டாவதா என்று கை சொல்லாது. ஸ்வரம்தான் சொல்ல வேண்டும். ஆகவே நாலைந்து ஆதி தாள வர்ணங்கள் ஆன பிறகே அட தாளத்துக்குப் போவது வழக்கம்.

வர்ணத்தில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டாம் காலத்தில் வெளிப்படும். ஆனால் அவற்றுக்கு விதை முதல் காலத்தில் விழுந்திருக்கும். மிகப் பரவலானது, முதல் காலத்தையே வேகமாகத் தொடங்கிவிடுவது. அதை இரட்டித்தால் குரல் தாங்காது. அப்போது மாணவரை அறியாமலேயே தாளம் மெல்லத் தளர்ந்து, இரண்டாம் காலம் ஒன்றரைக் காலமாகிவிடும். பாடுபவருக்கு இது தெரியாது, ஏனென்றால் கையும் குரலும் சேர்ந்தே தளர்கின்றன. வேறொருவர் தாளம் போட்டாலோ, சீராக ஒலிக்கும் தாளக் கருவியை வைத்துக்கொண்டாலோ உடனே தெரிந்துவிடும். பல்லவியை இரண்டாம் காலத்தில் தொடங்கினால் சரியாக ஓர் ஆவர்த்தனம் முடிந்து அடுத்த சமத்தில் அனுபல்லவி விழ வேண்டும். பின்னால் தள்ளி விழுந்தால் வேகம் எட்டவில்லை. முன்னால் விழுந்தால் எங்கோ ஒரு கார்வையை விழுங்கியிருக்கிறார்.

இன்னொரு பிழை அகாரத்தில் வரும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தொண்டையில் ஒரு தள்ளு கொடுத்து ‘அ-ஹ-அ-ஹ’ என்று உடைத்துப் பாடுவது. ஸ்வர எழுத்துகளைச் சொல்லும்போது ஸ, ரி, க என்ற மெய்யொலிகள் பிரிவை மறைத்துவிடும். எழுத்து போனதும் உடைசல் வெளியே வரும். வர்ணம் முழுவதையும் சாகித்தியமும் இல்லாமல், ஸ்வரமும் இல்லாமல், வெறும் அகாரத்தில் மெதுவாகப் பாடச் சொல்லும் பழைய வழக்கம் இதற்கான மருந்து. வீணையிலும் வயலினிலும் இதே குறை வேறு வடிவில் வரும். வீணையில் தேவையில்லாத மீட்டுக்கள் கூடும். வயலினில் ஒரே வில்லில் போக வேண்டிய கோவை துண்டு துண்டாகும்.

மூன்றாவது விஷயத்தில் ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. முதல் காலத்தில் நிறைவாக அசைந்த ஒரு காந்தாரம் இரண்டாம் காலத்தில் எவ்வளவு அசைய வேண்டும்? பாதி நேரத்தில் அதே அசைவை அடைக்க முயன்றால் ஸ்வரம் கலங்கிப்போகும்; அசைவே இல்லாமல் தட்டையாகப் பாடினால் ராகம் போய்விடும். பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் (1845–1902) ‘எவரி போதன’ என்ற ஆபோகி வர்ணத்தில் இது கண்கூடு. ஆபோகியின் காந்தாரம் அசைவோடு வந்தால்தான் அது ஆபோகி. இரண்டாம் காலத்தில் அந்த அசைவைச் சுருக்கி, ஆனால் அதன் சாயல் மிஞ்சும்படி பாடுவது எழுத்தில் காட்ட முடியாத நுட்பம்; ஆசிரியர் பாடக் கேட்டுத்தான் பிடிக்க முடியும். மோகனத்தில் காந்தாரம் ஏறக்குறைய நேராக நிற்பதால் அந்தச் சிக்கல் குறைவு. முதல் வர்ணமாக அதைத் தேர்வு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னது தான வர்ணம் பற்றி. நாட்டியத்துக்கான பத வர்ணத்தில் அதே எலும்புக்கூடு இருக்கும். ஆனால் முக்தாயி ஸ்வரத்துக்கும் சரண ஸ்வரங்களுக்கும் சாகித்தியம் உண்டு. நடை மெதுவானது, ஏனென்றால் ஒவ்வொரு வரிக்கும் அபிநயம் செய்ய இடம் வேண்டும்; இடையிடையே ஜதிக் கோவைகள் வரும். பரதநாட்டிய மார்க்கத்தில் மிக நீண்ட உருப்படி இதுதான். தஞ்சை நால்வர் இயற்றியவை இந்த வகையில் புகழ்பெற்றவை. பாபநாசம் சிவனின் நாட்டக்குறிஞ்சி வர்ணமான ‘சுவாமி நான் உந்தன் அடிமை’ தமிழில் உள்ள பத வர்ணங்களில் மிகவும் பரவலானது. ஸ்வரம், சாகித்தியம், ஜதி மூன்றும் சேர்ந்து வந்தால் அது தரு வர்ணம்; முத்தையா பாகவதரின் கமாஸ் வர்ணம் ‘மாதே மலயத்வஜ’ அந்த வகை.

கச்சேரியை வர்ணத்தோடு தொடங்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967). பூச்சி ஐயங்கார் அவருக்குக் குரு. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் பூச்சி ஐயங்காருக்குக் குரு. வர்ணம் இயற்றிய இரண்டு தலைமுறைகளுக்குப் பின் வந்தவர் கச்சேரியின் வாசலில் வர்ணத்தை வைத்ததில் ஆச்சரியம் இல்லை. மேடையில் பூர்வாங்கத்தை இரு காலங்களிலும் பாடிவிட்டு, சரணத்தை ஒரே காலத்தில், நடுத்தர வேகத்தில் முடித்துக்கொள்வது பொதுவான முறை. குரல் திறக்கவும், சுருதியும் பக்கவாத்தியங்களும் ஒன்றுசேரவும் அந்தச் சில நிமிடங்கள் போதும். மேலும் வர்ணத்தில் மனோதர்மத்துக்கு இடம் கிடையாது. அனைவருக்கும் தெரிந்த கணக்கு என்பதால் மிருதங்கக்காரரும் வயலின்காரரும் ஒருவரையொருவர் அளந்துகொள்ள முடியும்.

அதே மாறாத கணக்குதான் வர்ணத்தின் எல்லையும். சாகித்தியத்தைப் பொருள் உணர்ந்து பிரித்துப் பாடுவதை அது கற்பிக்காது. நிரவலுக்கு வழி காட்டாது. ஒரே வரியைச் சங்கதி சங்கதியாக வளர்ப்பதும் அதில் இல்லை. வர்ணங்களை மட்டுமே பாடிப் பழகிய குரல் கிருதிக்கு வரும்போது, கார்வையில் அமைதியாக நிற்கத் தெரியாமல் ஸ்வரங்களைத் தேடி ஓடும். இதைச் சரிசெய்யவே, ஐந்தாறு வர்ணங்கள் ஆனதும் பல ஆசிரியர்கள் மெதுவான நடையில் உள்ள சிறு கிருதி ஒன்றைத் தொடங்கிவிட்டு, வர்ணத்தை அன்றாடச் சாதகத்துக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.